எட்டு மணி நேரத் தொட்டி என்னும் தவறான கணக்கு

நாளொன்றுக்கு வரும் கழிவுநீரை 24-ஆல் வகுத்து, எட்டால் பெருக்கினால் கிடைப்பதுதான் சமன் தொட்டியின் கொள்ளளவு. சிறு தொழிற்கூடங்களுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துத் தருபவர்களில் பெரும்பாலோர் இந்த ஒற்றை வரிக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். சிலர் ஆறால் பெருக்குவார்கள், தாராள மனம் உள்ளவர்கள் பத்தால் பெருக்குவார்கள். ஆலை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்த நேரத்தில் எந்த அண்டாவைக் கவிழ்க்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஏனாத்தூரிலும் காஞ்சிபுரத்தைச் சுற்றியும் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் சிறு பட்டறைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இந்த எட்டு மணி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீருக்கு இது ஓரளவு சரியான அளவு. அங்கே காலையில் ஒரு ஏற்றம், மாலையில் ஒரு ஏற்றம், இடையில் தண்ணீர் குறைந்தாலும் நிற்பதில்லை. இரவிலும் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். இப்படி இரண்டு திமில் உள்ள ஓட்டத்தைச் சமன்படுத்த நாள் அளவில் கால்பங்குக்குள் சேமிப்பு இருந்தாலே போதும். மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் அதற்குள் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அதே எண்ணைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் பிழை. பட்டறையில் இரவு முழுக்கத் தண்ணீர் கிடையாது. வரும் தண்ணீரும் அண்டா அண்டாவாக, திடீர் திடீரென்று வருகிறது.

அந்தத் தண்ணீரின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலைக் காய்ச்சி அந்தப் பசையை எடுத்தால்தான் பளபளப்பு வரும், சாயமும் ஏறும். 40 கிலோ நூலைக் காய்ச்சினால் ஒன்பது, பத்து கிலோ புரதம் சுமார் 1,200 லிட்டர் காரத் தண்ணீரில் கரைந்து நிற்கும், சோப்பு தனி. அது அப்படியே சூடாக வடிகாலில் இறங்குகிறது. அதன் பிறகு சாய அண்டா. பட்டுக்கு அமிலச் சாயம் போடுவதால் அசிட்டிக் அமிலம் சேர்ந்த, புளித்த தண்ணீர். கோர்வைப் புடவைக்கு உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு ஒரு நிறம், முந்திக்கு இன்னொன்று. ஆகவே ஒரே பெரிய சாயம் போடுவதில்லை. ஒரு நாளில் பல சின்னச் சின்ன சாயங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அலசல். காலையில் காரமும் புரதமும், நண்பகலில் அமிலமும் நிறமும், சாயங்காலம் தளம் கழுவிய தண்ணீர். ஒரே குழாயில் வரும் இத்தனை வகை நீரை ஒரு மணி நேரச் சராசரியாகப் பாவிப்பதுதான் எட்டு மணிக் கணக்கு.

ஒரு மாதிரிப் பட்டறையை எடுத்துக் கணக்குப் போடுவோம். நாளைக்கு 30 கிலோலிட்டர் கழிவுநீர். காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு முடிகிறது. ஏழிலிருந்து எட்டு வரை அரை கிலோலிட்டர், அடுத்த மணியில் ஒன்று. ஒன்பதரைக்குக் காய்ச்சல் அண்டா கவிழ்கிறது, அதன் அலசலோடு சேர்த்து ஒன்பது முதல் பத்து வரை ஐந்து. அடுத்தடுத்த மணிகளில் மூன்றரை, இரண்டு. பன்னிரண்டு முதல் ஒன்று வரை சாய அண்டாவும் அலசலும் நான்கு. சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. இரண்டரைக்கு இரண்டாம் காய்ச்சல் கவிழ, இரண்டு முதல் மூன்று வரை நாலரை. பிறகு நான்கு, மூன்று, கடைசியில் ஒன்றரை. கூட்டினால் 30.

சுத்திகரிப்பு நிலையம் 24 மணி நேரமும் சீராக ஓட வேண்டும் என்றால் சமன் தொட்டியிலிருந்து மணிக்கு 1.25 கிலோலிட்டர் எடுக்க வேண்டும். காலை ஒன்பது மணி வரை வரத்து இதைவிடக் குறைவு, ஆகவே தொட்டி மட்டம் அப்போதுதான் மிகக் கீழே இருக்கும். ஒன்பதிலிருந்து ஆறு வரை உள்ளே வருவது 28.5 கிலோலிட்டர், வெளியே போவது 11.25. மிச்சம் 17.25 கிலோலிட்டர் தொட்டியில் தங்கியாக வேண்டும். இதுதான் அந்தப் பட்டறைக்குத் தேவையான குறைந்தபட்சச் சேமிப்பு. சராசரி ஓட்டத்தில் சொன்னால் கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம். எட்டு மணிக் கணக்கு தருவது 10 கிலோலிட்டர். காலியான தொட்டியோடு நாளைத் தொடங்கினாலும் பிற்பகல் இரண்டேகால் மணிக்கு அது நிறைந்துவிடும். இரண்டாம் காய்ச்சல் அண்டா கவிழ இன்னும் கால் மணி இருக்கும். ஆக அண்டா கவிழும்போது தொட்டியில் இடமே இருக்காது.

இந்த வகைக் கணக்கு புதிதல்ல. நீர்த்தேக்கங்களின் கொள்ளளவைக் கண்டுபிடிக்க ரிப்பிள் என்ற பொறியாளர் 1883-இல் வெளியிட்ட திரள் வளைகோட்டு முறைதான் இது. மொத்த வரத்தை நேரத்துக்கு எதிராகக் கோடாக வரைந்து, எடுப்பைச் சாய்கோடாக வைத்து, இரண்டுக்கும் இடையிலான பெரிய இடைவெளியை அளப்பது. ஒரு வரைதாளும் பென்சிலும் இருந்தால் முடிகிற வேலையைச் செய்யாமல் ஒரு பெருக்கலோடு நிறுத்திக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதற்குப் பதிலாக அவர்கள் சொல்லும் முதல் வாதம்: தொட்டி சின்னதாக இருந்தால் என்ன, பம்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் போயிற்று. சரி, அதையும் கணக்குப் போடுவோம். 10 கிலோலிட்டர் தொட்டி வழியாமல் இருக்க வேண்டும் என்றால் பம்பு மணிக்கு 2.125 கிலோலிட்டர் எடுத்தாக வேண்டும். சராசரியைவிட 70 சதவீதம் அதிகம். அப்படி எடுத்தால் பின்னால் இருக்கும் தெளிவுத் தொட்டியின் பரப்பும் 70 சதவீதம் கூட வேண்டும், ஏனென்றால் அதன் பரப்பு நேராக ஓட்ட வேகத்தைச் சார்ந்தது. மருந்து கலக்கும் தொட்டி, வடிகட்டி எல்லாமே அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும். சமன் தொட்டியில் மிச்சப்படுத்திய சிமெண்டும் கம்பியும் இரண்டு மடங்காக அங்கே செலவாகும். அதைவிட மோசம், இரவு பத்தரை மணிக்குச் சமன் தொட்டி காலியாகிவிடும். அதிலிருந்து மறுநாள் காலை வரை உயிரியல் தொட்டியிலுள்ள பாக்டீரியாவுக்கு உணவே இல்லை. காலையில் திடீரென்று காய்ச்சல் தண்ணீர் வந்து விழும். பட்டினியும் பெருந்தீனியும் மாறி மாறி நடக்கும் இடத்தில் கசடு சரியாகப் படியாது, நுரைக்கும், தெளிவுத் தொட்டியிலிருந்து மிதந்து வெளியேறும். பிற்பகல் மூன்று மணிக்குத் தெளிவுத் தொட்டியின் விளிம்பில் பஞ்சு பஞ்சாகக் கசடு தப்பிப்போவதைப் பார்த்தால் முதலில் சமன் தொட்டியின் அளவைக் கேளுங்கள்.

வரைபடத்தில் எழுதிய 10 கிலோலிட்டர் உண்மையில் 10 கிலோலிட்டர்தானா என்பதும் கேள்விதான். மூன்று மீட்டர் ஆழம், மூன்றேகால் சதுர மீட்டர் சொச்சம் பரப்பு என்று தொட்டி கட்டியிருப்பார்கள். பட்டறைத் தளத்திலிருந்து வரும் வடிகால் குழாய் தொட்டியின் உச்சியில் சேர முடியாது. சரிவு கொடுத்துக் கொண்டுவந்தால் மேல் விளிம்பிலிருந்து அரை மீட்டர் கீழே சேரும். மட்டம் அந்தக் குழாயைத் தாண்டினால் வடிகாலில் பின்னோக்கி ஏறும், ஆகவே மேலே அரை மீட்டர் போயிற்று. கீழே பம்பு காற்றை உறிஞ்சாமல் இருக்கவும், காற்றுக் குழாய்கள் மூழ்கி இருக்கவும் இன்னொரு அரை மீட்டர் எப்போதும் நிற்க வேண்டும். மிச்சம் இரண்டு மீட்டர், ஏறத்தாழ 6.7 கிலோலிட்டர்தான். நம் மாதிரிப் பட்டறையில் அது நண்பகலுக்கு முன்பே நிறைந்துவிடும், முதல் சாய அண்டா கவிழ்வதற்கும் முன்னால். கான்கிரீட்டின் உள் அளவைப் பெருக்கிக் கொள்ளளவு என்று எழுதும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். குழாய் சேரும் மட்டத்துக்கும் பம்பு நிற்கும் மட்டத்துக்கும் இடையில் இருப்பதுதான் கொள்ளளவு.

இதுவரை சொன்னது அளவு பற்றி மட்டும். அளவைச் சரியாகக் கணக்கிட்டவர்களும் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. தொட்டியின் வேலை ஓட்டத்தைச் சமன் செய்வது மட்டும் இல்லை, வலிமையையும் சூட்டையும் சமன் செய்ய வேண்டும். திரள் வளைகோடு இதைக் காட்டாது. நம் பட்டறையில் தொட்டி மட்டம் மிகத் தாழ்ந்திருப்பது காலை ஒன்பது மணிக்கு. நாளின் மிகக் கடுமையான தண்ணீர், அதாவது முதல் காய்ச்சல் அண்டா, வந்து விழுவது ஒன்பதரைக்கு. கலந்து நீர்த்துப்போகச் செய்ய ஆள் இல்லாத நேரம் பார்த்து அது வருகிறது.

தொட்டியின் அடியில் ஒரு கிலோலிட்டர் மட்டும் 30 டிகிரியில் கிடக்கிறது என்று வைப்போம். அதில் வழியில் ஆறியது போக 80 டிகிரியில் 1.2 கிலோலிட்டர் காய்ச்சல் தண்ணீர் சேர்ந்தால் கலவை 57 டிகிரிக்குப் போகும். அந்தத் தண்ணீரைப் பம்பு அப்படியே உயிரியல் தொட்டிக்கு எடுத்துக்கொண்டு போகும். அடியில் ஆறு கிலோலிட்டர் இருந்தால் கலவை 38 டிகிரிதான். வலிமையும் இதே கதை. அலசல் தண்ணீரின் கரிமச் சுமையை ஒன்று என்றும் காய்ச்சல் தண்ணீரின் சுமையைப் பதினைந்து என்றும் வைத்தால், நாள் முழுவதும் கலந்த சராசரி இரண்டு சொச்சம். அடியில் ஒரு கிலோலிட்டர் இருக்கும்போது கவிழ்த்தால் கலவையின் சுமை ஒன்பது, ஆறு இருக்கும்போது கவிழ்த்தால் நான்கு. ஒன்பது என்றால் சராசரிபோல நான்கு மடங்குக்கு மேல் ஒரே நேரத்தில் விழுகிறது. காற்று ஊதும் இயந்திரம் சராசரிக்குத்தான் வாங்கப்பட்டிருக்கும்.

இதனால்தான் 17 கிலோலிட்டர் சேமிப்போடு நின்றுவிட முடியாது. நாளுக்கு நாள் வரும் ஏற்றத்தாழ்வுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 21 என்று வையுங்கள். எப்போதும் தொடாமல் அடியில் நிறுத்தும் ஆறு கிலோலிட்டரைச் சேர்த்தால் 27. நாள் அளவான முப்பதுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். எட்டு மணிக்காரர்கள் இதைக் கேட்டதும் எழுந்து நின்று, இவ்வளவு பெரிய தொட்டியை எந்தச் சிறு பட்டறை கட்டும் என்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தொட்டியைச் சுருக்குவது இல்லை, காய்ச்சல் தண்ணீரைப் பிரிப்பது.

இரண்டு அண்டாக்களின் காய்ச்சல் தண்ணீர் நாளைக்கு 2.4 கிலோலிட்டர். அதைத் தனிக் குழாயில் ஒரு சிறு தொட்டிக்குக் கொண்டுபோய், மணிக்கு 100 லிட்டர் வீதம் 24 மணி நேரமும் சமன் தொட்டியில் விட்டால், சுமை எப்போதும் சராசரியை ஒட்டியே நிற்கும். முதல் அண்டா ஒன்பதரைக்கும் இரண்டாவது இரண்டரைக்கும் கவிழ்வதால் அந்தச் சிறு தொட்டியில் ஒருபோதும் 1.9 கிலோலிட்டருக்கு மேல் நிற்காது. மூன்று கிலோலிட்டருக்குக் கட்டினால் தாராளம். பெரிய தொட்டியில் இப்போது நீர்த்துப்போகச் செய்ய ஆறு கிலோலிட்டர் நிறுத்திவைக்க வேண்டியதில்லை, பம்புக்கு வேண்டிய மூன்று போதும். அதன் சேமிப்புத் தேவையும் 15.75-ஆகக் குறைகிறது, ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 19. மொத்தம் 22 கிலோலிட்டர். நிலத்தடியில் மூன்று மீட்டர் நீர் மட்டம் கிடைத்தால் பக்கத்துக்கு 2.7 மீட்டர் சதுரம்.

சிறு தொட்டியில் கவனிக்க வேண்டியவை சில. காய்ச்சல் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருவதால் மொட்டை மாடியில் வைக்கும் சாதாரண பிளாஸ்டிக் தொட்டி தாங்காது, உள்பூச்சுள்ள செங்கல் அல்லது கான்கிரீட் தொட்டியாகக் கட்ட வேண்டும். ஆறும்போது பசை கெட்டியாகக் கூடும். மணிக்கு 100 லிட்டரை ஒல்லியான குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டால் அடைத்துக்கொள்ளும். டைமர் வைத்து மணிக்கு ஐந்து நிமிடம், மணிக்கு 1,200 லிட்டர் வேகத்தில் ஓடும் பம்பால் விடுவது நல்லது. அளவு அதேதான், குழாய் சுத்தமாக இருக்கும். காரத்தண்ணீர் அமிலத் தண்ணீரைச் சந்திக்கும் இடத்தில் சோப்பு உடைந்து கொழுப்பு மேலே ஏடாக மிதக்கும், ஆகவே சமன் தொட்டிக்கு மேல் ஏடு வழிக்க ஒரு ஆள் இறங்கி நிற்கும் இடம் விட வேண்டும். காரமும் அமிலமும் தொட்டியிலேயே ஒன்றையொன்று ஓரளவு அடக்கிக்கொள்வதால் பின்னால் பிஎச் சரிசெய்யப் போடும் அமிலமும் சுண்ணாம்பும் குறையும்.

இட நெருக்கடி என்ற வாதத்துக்கு இப்போது எண்ணால் பதில் சொல்லலாம். 10 கிலோலிட்டருக்கும் 22 கிலோலிட்டருக்கும் வித்தியாசம் 12. மூன்று மீட்டர் ஆழத்தில் அது நான்கு சதுர மீட்டர், 43 சதுர அடி. ஏனாத்தூரில் மனை விலை ஏறியிருக்கிறது, பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் ஒரு கட்டில் போட இடம் கிடைப்பது கஷ்டம், அதை மறுக்கவில்லை. ஆனால் 43 சதுர அடிக்காகத் தெளிவுத் தொட்டியை 70 சதவீதம் பெரிதாக்குவதும், அதையும் செய்யாமல் சுத்திகரிக்காத தண்ணீரை இரண்டேகால் மணிக்கு வழியவிடுவதும் இடத்தை மிச்சப்படுத்துவது ஆகாது. வழிந்த தண்ணீர் வடிகால் வழியே போய்ச் சேரும் இடம் வேகவதிதான்.

பெரிய தொட்டி நாறும் என்பது மூன்றாவது வாதம். நாறுவது உண்மை, காரணம் தொட்டியின் அளவு இல்லை. செரிசின் புரதம், காற்று இல்லாமல் கிடந்தால் சில மணி நேரத்தில் அழுகும், முட்டை நாற்றம் வரும். பொதுவான நூல்களில் தரும் அளவு, தொட்டியில் உள்ள ஒவ்வொரு கன மீட்டர் நீருக்கும் மணிக்கு 0.6 முதல் 0.9 கன மீட்டர் காற்று. 22 கன மீட்டருக்கு அதிகபட்சம் 20 கன மீட்டர் காற்று, ஒரு சிறிய ஊதுவான் போதும். மின்கட்டணம் மிச்சம் என்று இரவில் அதை நிறுத்திவிட்டு, காலையில் வந்து தொட்டி நாறுகிறது, பெரிதாகக் கட்டிவிட்டோம் என்று முடிவு செய்கிறார்கள். எட்டு மணித் தொட்டியிலும் ஊதுவானை நிறுத்தினால் அதே நாற்றம்தான்.

வாரிய அதிகாரி வந்து எடுப்பது ஒரே ஒரு நேரத்து மாதிரி. வெளியேற்றும் நீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வைத்திருக்கும் பொது வரம்பு: பிஎச் 5.5 முதல் 9 வரை, சிஓடி லிட்டருக்கு 250 மில்லிகிராம், பிஓடி 30. இந்த எண்கள் நாள் சராசரியைக் கேட்பதில்லை. காலை பதினொன்றுக்கு எடுத்தாலும் மாலை நான்குக்கு எடுத்தாலும் அதற்குள் இருக்க வேண்டும். சராசரியை வைத்துத் தொட்டியைத் தீர்மானித்தவர்கள், சராசரியை ஒருபோதும் பார்க்காத ஒரு சோதனைக்கு அந்தத் தொட்டியை அனுப்புகிறார்கள். திருப்பூரில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, நிலையம் இருந்தது என்ற சான்று யாரையும் காப்பாற்றவில்லை. சமன் தொட்டி சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அது உப்பைக் குறைக்காது, நிறத்தைப் போக்காது. ஆனால் நிறத்தையும் உப்பையும் எடுக்கும் பின்னாலுள்ள எந்த இயந்திரமும் ஏறி இறங்கும் ஓட்டத்தில் ஒழுங்காக வேலை செய்யாது.

அப்படியானால் வரத்துக் கணக்கை எப்படிப் பெறுவது? பட்டறை உரிமையாளரைக் கேட்டு எழுதிக்கொள்வது போதாது, நாளைக்கு எத்தனை லிட்டர் என்று அவர் சொல்வது பெரும்பாலும் போர்வெல் பம்பின் மணிக் கணக்கிலிருந்து வரும். வடிகால் வாயில் 90 டிகிரி முக்கோணத் தகடு ஒன்றை வைத்து, கால் மணிக்கு ஒருமுறை நீர் உயரத்தை அளக்க வேண்டும். முக்கோண வெட்டில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் தண்ணீர் ஓடினால் மணிக்குச் சுமார் 2.8 கிலோலிட்டர், 6.3 சென்டிமீட்டர் என்றால் மணிக்கு ஐந்து. கூடவே ஒரு வெப்பமானியும் பிஎச் தாளும். இதை வாரத்தின் எல்லா வேலை நாட்களிலும் செய்ய வேண்டும், முகூர்த்த மாதத்தில் ஒருமுறை, வேலை மந்தமான ஆடியில் ஒருமுறை. முகூர்த்த மாதத்தில் மூன்றாவது காய்ச்சல் அண்டா சேரும் பட்டறையாக இருந்தால் தொட்டி அந்த மாதத்துக்குத்தான் கட்டப்பட வேண்டும்.

ஏற்கெனவே எட்டு மணித் தொட்டி கட்டி முடித்தவர்களுக்கு இடித்துக் கட்டு என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சல் தண்ணீரைப் பிரிக்கும் சிறு தொட்டியை மட்டும் முதலில் கட்டலாம். செலவு குறைவு, சூடும் சுமையும் உடனே அடங்கும். ஓட்ட ஏற்றத்தாழ்வு மிச்சம் இருக்கும். அதற்கு இரண்டாம் காய்ச்சலை இரண்டரையிலிருந்து நாலரைக்குத் தள்ள முடியுமா என்று பார்க்கலாம். தள்ளினாலும் சேமிப்புத் தேவை பெரிதாகக் குறையாது, வேலை அதே பதினோரு மணி நேரத்துக்குள் அடங்குவதால். கொஞ்ச நேரம் மட்டும் கிடைக்கும். முழுத் தீர்வு பழைய தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு 12 கிலோலிட்டர் தொட்டியைக் கட்டி, அடிமட்டத்தில் ஒரு குழாயால் இரண்டையும் இணைப்பது. இரண்டிலும் காற்று ஓட வேண்டும், இரண்டாவதில் ஊதுவான் குழாய் போடாமல் விட்டால் முதல் மாதத்திலேயே அது அழுகல் குழியாகிவிடும்.